கரும்பு ஜூஸ் மெஷினில் தங்கும் பழைய சாறு

சாலையோரத்தில் ஒரு கிளாஸ் கரும்பு ஜூஸ் வாங்குகிறோம். கண் முன்னாலேயே கரும்பை விட்டுப் பிழிந்து கொடுத்ததால் அது புத்தம் புதுச் சாறு என்று நம்புகிறோம். பெரும்பகுதி அப்படித்தான். ஆனால் அந்தக் கிளாஸில் வேறு இரண்டும் கலந்திருக்கின்றன. ஒன்று, நமக்கு முன்னால் வந்தவர்களுக்குப் பிழிந்தபோது மெஷினிலும் வடிகட்டியிலும் ஜக்கிலும் ஒட்டி நின்ற பழைய சாறு. இன்னொன்று, ஐஸ் உருகிய தண்ணீர். கரும்பு ஜூஸ் குடித்து வயிறு கெட்டதென்றால் பெரும்பாலும் கரும்பின் மேல் குற்றம் இருக்காது. இந்த இரண்டில் ஒன்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் படித்த காலத்தில் மூன்று கோடை விடுமுறைகள் என் சித்தப்பாவின் கரும்பு வண்டியில் நின்றிருக்கிறேன். கரும்பு சீவுவது, எலுமிச்சை நறுக்குவது, கிளாஸ் கழுவுவது என் வேலை. பிற்பாடு குடிநீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அந்த வண்டியில் எதைச் சரியாகச் செய்தோம், எதைக் கோட்டை விட்டோம் என்பது எனக்குப் புரிந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

வெல்லம் கெடாது, சாறு கெடும்

நல்ல கரும்பின் உள்ளே கிருமி மிகக் குறைவு. வெளித்தோலில்தான் மண்ணும் தூசியும் மெழுகுப் பூச்சும் இருக்கும். அதனால்தான் கத்தியால் சீவிவிட்டுப் பிழிகிறார்கள். அடிக்கரும்பில் ஒட்டிய மண்ணைச் சீவியபின் ஒரு தடவை கழுவினால் போதும், கரும்பின் பங்கு முடிந்தது. ஒரே ஒரு விலக்கு உண்டு. கரும்பை நெடுக்காகப் பிளந்து பார்த்தால் உள்ளே செக்கச்செவேல் என்று கோடு ஓடி, லேசாகச் சாராய வாடை அடித்தால் அது செவ்வழுகல் நோய் வந்த கரும்பு. அதைச் சக்கையோடு சேர்த்து எறிய வேண்டியதுதான்.

பிழிந்து வெளியே வந்ததும் கதை மாறுகிறது. 100 மில்லி கரும்புச் சாற்றில் ஏறக்குறைய 15 கிராம் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை மிகுந்தால் பண்டம் கெடாது என்பது நமக்குத் தெரியும். வெல்லம் ஒரு வருடம் கிடக்கும், ஜாம் பல மாதம் கிடக்கும். ஆனால் அந்தப் பாதுகாப்பு, தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி சர்க்கரையைப் பாதிக்கு மேல் ஏற்றும்போதுதான் கிடைக்கும். 15 சதவீதம் என்பது கிருமிக்குத் தடை இல்லை, விருந்து.

புளிப்பும் அதைக் காப்பாற்றாது. புளிப்பை பி.எச். என்ற அளவால் சொல்வார்கள். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். 4.6-க்குக் கீழே போனால் நோய்க்கிருமிகள் பலவற்றுக்குப் பெருகுவது சிரமம். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி இருக்கும். கரும்புச் சாறு 5-க்கு மேலே நிற்கிறது. ஒரு கிளாஸுக்கு அரை மூடி எலுமிச்சை சேர்த்தால் அந்த எண் இறங்கும், கிருமியின் வேகமும் குறையும். ஆனால் உள்ளே வந்துவிட்ட கிருமியை அந்த எலுமிச்சை கொன்றுவிடாது. 'லெமன் போட்டாச்சு, ஒண்ணும் ஆகாது' என்று கடைக்காரர்கள் மனசார நம்பிச் சொல்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். இஞ்சிக்கும் இதே பதில்தான்.

சரி, எவ்வளவு வேகமாகப் பெருகும்? நல்ல தீனியும் நம் ஊர் வெயிலும் கிடைத்தால் குடலில் வாழும் கோலை வகைப் பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியக் கூடியது. ஒன்று ஒரு மணி நேரத்தில் எட்டாகும். மூன்று மணி நேரத்தில் 512. ஆறு மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும். புது இடத்துக்குப் பழக அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்பதால் நிஜத்தில் கணக்கு இவ்வளவு சுத்தமாக ஓடாது. ஆனாலும் காலை பத்து மணிக்கு வடிகட்டியில் ஒட்டிய ஒரு துளி, மாலை நான்கு மணிக்கு என்ன நிலையில் இருக்கும் என்பதை இதை வைத்து யோசித்துப் பார்க்கலாம். நாம் குடிக்கும் சாறு பிழிந்து ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். அது இறங்கி வந்த பாதையில் இருப்பதற்கு ஆறு மணி நேர வயது.

காலையில் மட்டும் புளித்த ஜூஸ்

சித்தப்பா கடையில் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். ஒரு சித்திரை மாதம், காலையில் முதலில் வருகிற இரண்டு மூன்று பேர் ஜூஸில் ஒரு மாதிரி வாடை அடிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பக்கத்துத் தெரு ஆசிரியை ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "தம்பி, இது நேத்து ஜூஸ் மாதிரி இருக்கே" என்றார். சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் எதிரேதானே பிழிந்தோம்! கரும்பு பழையதாக இருக்கும் என்று முடிவுகட்டி, கட்டு இறக்குகிறவரிடம் சண்டைக்குப் போனார். மறுநாள் புதுக் கட்டு வந்தது. மறுநாள் காலையும் அதே வாடை.

இப்போது யோசித்தால் விடை கண் முன்னாலேயே இருந்தது. கரும்பு கெட்டிருந்தால் நாள் முழுக்க வாடை அடித்திருக்க வேண்டும். பதினொரு மணிக்கு மேல் ஒருவரும் குறை சொல்லவில்லை. அப்படியானால் முதல் சில கிளாஸ்கள் எதையோ கழுவிக்கொண்டு வந்திருக்கின்றன. அதற்குப் பின்னால் வந்தவர்களுக்குக் கழுவிய பாதை கிடைத்திருக்கிறது.

அந்த எதையோ சித்திதான் கண்டுபிடித்தார். சாறு விழும் தட்டின் மூக்கைக் கையால் தடவிப் பார்த்தார். வெண்டைக்காய் நறுக்கின கை மாதிரி வழவழத்தது. வடிகட்டியின் மேல் போட்டிருந்த துணியை முகர்ந்தார், கள்ளு வாடை. இரவு கடை கட்டும்போது ரோலர் மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, ஈரத்தோடு சாக்கைப் போட்டு மூடிவிட்டு வருவோம். அதைத்தான் நாங்கள் கழுவுவது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த வழவழப்புக்கு ஒரு பெயர் உண்டு. லூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியா கரும்புச் சர்க்கரையைத் தின்று டெக்ஸ்ட்ரான் என்ற பசையை உண்டாக்குகிறது. பெரிய சர்க்கரை ஆலைகளுக்கும் இது தலைவலி. அரவைப் பக்கத்தை அவ்வப்போது வெந்நீராலும் நீராவியாலும் கழுவாவிட்டால் அங்கேயும் இந்தப் பசை படிந்து, சாற்றை வடிகட்டுவதும் சர்க்கரை பிடிக்க வைப்பதும் கெடும். இந்தப் பாக்டீரியா பொதுவாக மனிதருக்கு நோய் தருவதில்லை. ஆனால் அது கட்டுகிற பசைக்குள் மற்றக் கிருமிகள் பத்திரமாக ஒட்டிக்கொள்ளும், வெறும் தண்ணீர் ஊற்றினால் போகாது. ஆகவே வழவழப்பை நான் ஒரு காலக்குறியாகத்தான் பார்ப்பேன். அது இருந்தால், அந்த இடத்தைத் தேய்த்துப் பல நாளாகிறது என்று அர்த்தம்.

மெஷினில் சாறு ஒளியும் இடங்கள்

கரும்பு மெஷினில் சாறு எங்கெல்லாம் தங்குகிறது என்று தெரிந்தால் கழுவுவது பாதி எளிது. ரோலரில் கரும்பைக் கவ்வுவதற்காக வெட்டிய வரிகள் இருக்கும். அதில் சக்கை நார் மாட்டி, நாரில் சாறு ஊறி நிற்கும். ரோலரின் இரண்டு முனையும் பக்கத்தகடும் சேரும் இடுக்கு அடுத்தது. கை போகாத இடம் அது. அப்புறம் சாறு விழும் தட்டின் மூலைகள், மூக்கின் உட்புறம், வடிகட்டியின் விளிம்பு, ஜக்கின் கைப்பிடி அடி. எல்லாவற்றிலும் மோசமானது துணிதான். வடிகட்டத் துணி போடுகிறவர்கள் அதை நாள் முழுக்க மாற்றுவதில்லை. ஈரம், சர்க்கரை, வெயில் மூன்றும் விடாமல் கிடைக்கிற இடம் அது. துணியை விட்டுவிட்டு எவர்சில்வர் வடிகட்டிக்கு மாறினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

இரும்பு ரோலரில் துரு பிடித்தால் அந்தத் துருவே நோய் தராது. ஆனால் துரு அரித்த குழிகளில் சாறு தங்கும், பிரஷ் எட்டாது. ரோலரின் ஓரத்தில் கன்னங்கரேல் என்று ஒரு கோடு வழிந்தால் அது வேறு விஷயம், பல்சக்கரத்துக்கோ பேரிங்குக்கோ வைத்த கிரீஸ் சாற்றுப் பக்கம் வருகிறது. வண்டி கிரீஸ் வயிற்றுக்குள் போகக் கூடாத பொருள். உணவு இயந்திரங்களுக்கென்று தனி கிரீஸ் இருக்கிறது. அதையும் அளவாக வைத்து, வழிந்ததைத் துடைக்க வேண்டும்.

சித்தி அன்றிலிருந்து இரவில் கழுவும் முறையை மாற்றினார். பின்னாளில் நான் அதில் இரண்டைச் சேர்த்தேன். முதலில் ரோலரை ஓடவிட்டு மேலிருந்து இரண்டு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றுவோம். இந்த நேரத்தில் கை, துணி, பிரஷ் எதுவும் ரோலர் பக்கம் போகவே கூடாது. ஓடுகிற ரோலரைத் துணியால் துடைக்கப் போய் விரல் போனவர்கள் உண்டு. அப்புறம் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். டீசல் இன்ஜின் என்றால் முழுதாக நின்ற பிறகு பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும்.

இனி நாரை எடுக்க வேண்டும். நைலான் பிரஷால் வரியோடு வரியாக இழுத்தால் வந்துவிடும். கம்பி பிரஷ் வேண்டாம், கம்பி உடைந்து ரோலரில் தங்கும், மறுநாள் யாராவது விழுங்குவார்கள். தட்டு, வடிகட்டி, ஜக்கைக் கழற்றித் தனியாக வைத்து, பாத்திரம் தேய்க்கும் சோப்பை வெந்நீரில் கரைத்து எல்லாவற்றையும் தேய்ப்போம். ரோலரைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி முழு வட்டமும் தேய்க்க வேண்டும். இந்தத் தேய்ப்புதான் உயிர். பசை போகாமல் எந்த மருந்தைத் தெளித்தாலும் மருந்து பசையோடு மோதித் தீர்ந்துபோகும், கிருமியிடம் போய்ச் சேராது.

தேய்த்துக் கழுவியதும் ரோலர் மேல் கொதிக்கிற தண்ணீர் இரண்டு சொம்பு. குளோரின் இரும்பை அரிக்கும் என்பதால் ரோலருக்கு வெந்நீரே நல்லது. எவர்சில்வர் தட்டு, வடிகட்டி, ஜக், டம்ளர்களுக்கு மட்டும் குளோரின் தண்ணீர். கடையில் கிடைக்கும் 4 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்குப் போதும். இரண்டு நிமிடம் முக்கி வைத்து எடுத்து, குடிக்கிற தண்ணீரில் அலசிக் கவிழ்த்துவிட வேண்டும். கலந்த தண்ணீர் மறுநாளுக்கு ஆகாது, வீரியம் போய்விடும். கழிவறை ஆசிடோடு இதைச் சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும் என்பதால் இரண்டையும் ஒரே பக்கெட்டில் எடுக்கவே கூடாது.

கடைசி வேலை, காயவிடுவது. ஈரச் சாக்கைப் போட்டு மூடினால் அதுவரை செய்தது எல்லாம் வீண். முதலில் காய வேண்டும், அப்புறம்தான் உலர்ந்த சுத்தமான துணியோ தார்ப்பாயோ. காலையில் வந்ததும் ஒரு துண்டுக் கரும்பைப் பிழிந்து அந்தச் சாற்றைக் கொட்டிவிடுவோம். இரவில் ரோலரில் பல்லியோ கரப்பானோ ஓடியிருக்கலாம் அல்லவா? இது வெறும் அருவருப்புக் கதை இல்லை. 2005-இல் பிரேசிலின் சாண்டா கத்தரீனா மாநிலத்தில் சாலையோரக் கரும்புச் சாறு குடித்தவர்களுக்குச் சாகஸ் நோய் வந்து சிலர் இறந்தார்கள். அந்த நோயைச் சுமக்கும் பூச்சி கரும்போடு அரைபட்டுச் சாற்றில் கலந்ததுதான் காரணம் என்று சந்தேகித்தார்கள். சாகஸ் அந்தக் கண்டத்து நோய், நமக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் கரும்புக் கட்டுக்குள் ஒளிந்திருப்பதும் ரோலருக்குள் போகும் என்பது எந்த நாட்டுக்கும் பொது.

பகலில் இவ்வளவும் செய்ய முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடுகிற ரோலரில் தண்ணீர் ஊற்றி, வடிகட்டியை மாற்றினால் போதும். இரண்டு வடிகட்டி வைத்துக்கொண்டால் ஒன்று வேலை செய்யும்போது இன்னொன்றைக் கழுவலாம். டம்ளருக்கு வருவோம். ஒரே பக்கெட் தண்ணீரில் ஐம்பது டம்ளரை முக்கி எடுத்தால் ஐம்பதாவது டம்ளர் கழுவப்படுவது நீர்த்த கரும்புச் சாற்றில், கூடவே ஐம்பது பேர் எச்சிலில். நானே அப்படித்தான் கழுவிக்கொண்டிருந்தேன். குழாய் வைத்த டிரம்மிலிருந்து ஓடுகிற தண்ணீரில் கழுவ ஆரம்பித்தபோது முன்னைவிடக் குறைவான தண்ணீரே செலவானது.

ஐஸ்: கிளாஸில் ஐந்தில் ஒரு பங்கு

கோடையில் 32 டிகிரியில் இருக்கும் 200 மில்லி சாற்றை 8 டிகிரிக்குக் குளிரவைக்க ஏறக்குறைய 50 கிராம் ஐஸ் உருக வேண்டும். அதாவது ஒவ்வொரு கிளாஸிலும் 50 மில்லி தண்ணீர் குடிக்கிறோம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதே இல்லை. பச்சைத் தண்ணீர் கொடுத்தால் 'கேன் தண்ணியா?' என்று கேட்கிற அதே ஆள், ஐஸைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறார்.

காரணம், உறைந்தால் கிருமி செத்துவிடும் என்ற நினைப்பு. சாகாது. பரிசோதனைக் கூடங்களில் பாக்டீரியாவை வருடக்கணக்கில் உயிரோடு வைத்திருக்க நாங்கள் பயன்படுத்துவதே டீப் ஃபிரீசரைத்தான். உறையும்போது ஒரு பகுதி செத்தாலும் மீதி தூங்கிக் கிடக்கும், ஐஸ் உருகும்போது எழுந்துகொள்ளும். மஞ்சள் காமாலை தரும் வைரஸ்களுக்கோ உறைவது ஒரு பொருட்டே இல்லை.

பெரிய ஐஸ் பார்களை, தண்ணீர் நிரப்பிய தகர அச்சுகளைக் கடுங்குளிர் உப்பு நீரில் இறக்கி உறைய வைத்து எடுக்கிறார்கள். மீன், பால் போன்றவற்றைச் சுற்றிலும் வைத்துக் குளிர்விக்க இந்த ஐஸ் போகிறது. அப்படிப்பட்ட ஐஸ் எப்போதும் குடிநீரில் செய்யப்படுவதில்லை. சிக்கல் என்னவென்றால் மீன் சந்தைக்குப் போகிற பாரும் ஜூஸ் கடைக்கு வருகிற பாரும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இதற்காகத்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் ஒரு ஏற்பாடு சொன்னது: தின்னத் தகாத ஐஸில் லேசாக நீல நிறம் சேர்க்க வேண்டும். ஆகவே நீலச் சாயல் உள்ள ஐஸ் கிளாஸில் விழக் கூடாது. ஆனால் வெள்ளையாக இருப்பதாலேயே அது நல்ல ஐஸ் ஆகிவிடாது. நிறம் சேர்க்காமல் விட்ட ஐஸும் வெள்ளைதான்.

பாரின் நடுவில் பால் மாதிரி வெள்ளைத் தண்டு இருப்பதைப் பார்த்துச் சிலர் அழுக்கு என்பார்கள். அது பெரும்பாலும் காற்றுக் குமிழிதான். உறையும்போது காற்றும் உப்பும் உள்ளே தள்ளப்பட்டு நடுவில் சேர்கின்றன. கண்ணாடி போலத் தெளிந்த ஐஸிலும் கிருமி இருக்கலாம், வெள்ளை ஐஸ் சுத்தமாகவும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல முடியாது.

நல்ல தண்ணீரில் செய்த ஐஸே வழியில் கெட்டுப்போவதும் உண்டு. தட்டு வண்டியில் உமியோ மரத்தூளோ தூவி வரும், கடை வாசலில் தரையில் இறங்கும், சாக்குக்குள் போட்டுக் கட்டையால் அடிப்பார்கள். அந்தச் சாக்கு எப்போது துவைத்தது? அடித்த ஐஸை அள்ளுவது, காசு வாங்கிய அதே கை. நடுவில் துளை உள்ள டியூப் ஐஸ், பையில் கட்டி வருவது, இந்த வழித் துயரம் குறைவானது. அதையும் மூடி போட்ட பெட்டியில் வைத்து, கரண்டியால் எடுத்தால்தான் பயன்.

நான் பெரும்பாலும் ஐஸ் இல்லாமல்தான் குடிப்பேன். ஆனால் 'ஐஸ் வேண்டாம்' என்பதைக் கரும்பை ரோலரில் விடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பல கடைகளில் சாறு விழுகிற ஜக்கிலேயே ஐஸ் கட்டி கிடக்கும். பிழிந்தபின் சொன்னால் கட்டியைக் கிளாஸில் விழாமல் தடுத்து ஊற்றித் தருவார்கள். ஐஸ் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே வந்திருக்கும். வெறும் ஜக்கில் பிழியச் சொல்லுங்கள்.

ஈ எதைக் கொண்டு வருகிறது

கரும்பு வண்டியில் ஈயும் வரும், தேனீயும் வரும். மக்கள் தேனீயைக் கண்டு விலகி நிற்பார்கள், ஈயைக் கையால் ஓட்டிவிட்டுக் குடிப்பார்கள். தேனீ கொட்டும், உண்மைதான். ஆனால் அது பூவிலிருந்து வருகிறது. ஈ வருகிற இடம் சாக்கடையும் மலமும்.

ஈக்குக் கடித்துத் தின்னப் பல் கிடையாது. காய்ந்துபோன சர்க்கரைத் திட்டில் உட்கார்ந்தால், தன் எச்சிலையும் முன்பு குடித்ததில் கொஞ்சத்தையும் கக்கி, அதைக் கரைத்து உறிஞ்சும். போதாததற்குச் சுவை தெரிவது அதன் காலில். அதனால் எங்கும் நடந்து பார்க்கும். காலின் ரோமங்களில் ஒட்டி வந்தது அங்கே தங்கிவிடும். முன்னே சொன்ன பழைய சாற்றோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். ஈ விதைக்கிறது, சாறு வளர்க்கிறது. ஈ உட்கார்ந்த இடம் காய்ந்த சுத்தமான எவர்சில்வராக இருந்தால் விழுந்த கிருமி பெருக வழியில்லை. வழவழத்த தட்டாக இருந்தால் மதியத்துக்குள் பல்லாயிரம் ஆகிவிடும்.

ஈ வெளியிலிருந்து வருகிறது என்றே எல்லாரும் நினைக்கிறோம். பல வண்டிகளில் அது அங்கேயே பிறக்கிறது. பின்னால் குவிந்து கிடக்கும் சக்கைதான் அதற்குத் தொட்டில். ஈரமும் இனிப்புமாகப் புளித்துக் கிடக்கும் சக்கையில் ஒரு பெண் ஈ ஒரு தடவைக்கு நூற்றுக்கும் மேல் முட்டையிடும். ஒரு நாளுக்குள் புழு வந்துவிடும், நம் கோடையில் ஏழு முதல் பத்து நாளில் இறக்கை முளைத்துப் பறக்கும். சக்கையை வாரம் ஒருமுறை அள்ளுவது ஈ வளர்ப்பதற்குச் சமம். அன்றன்றைக்கு மூட்டை கட்டி அனுப்பிவிட்டால், அல்லது மெல்லிசாகப் பரப்பிக் காயவைத்து அடுப்புக்குக் கொடுத்துவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். கரும்பைச் சீவி ஈரச் சாக்கால் மூடுகிற வழக்கமும் நல்லதல்ல. சாக்கே ஈக்கு இருக்கையாகிறது. கழுவிய பிளாஸ்டிக் ஷீட் போதும். தட்டின் மேல் ஒரு சின்ன மின்விசிறி ஓடினால் ஈயும் உட்காராது, தட்டும் காயும். ஈ மருந்தை மட்டும் வண்டிப் பக்கத்தில் அடிக்கக் கூடாது.

நறுக்கி வைத்த பழம்

பழ ஜூஸ் கடையில் மெஷினின் இடத்தை மிக்சி ஜார் பிடித்துக்கொள்கிறது. ஜாரில் தண்ணீர் விட்டு ஒரு சுற்றுச் சுற்றிக் கொட்டுவதோடு பலர் நிறுத்திவிடுவார்கள். பிளேடுக்குக் கீழே இருக்கும் ரப்பர் வாஷரைக் கழற்றிப் பார்த்தால் கருத்த பிசின் இருக்கும். கழற்ற முடிகிற ஜாரைத் தினமும் இரவு கழற்றிக் கழுவ வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம், பழத்தை எப்போது நறுக்கினார்கள் என்பது. முழுப் பழத்துக்குத் தோல் ஒரு கோட்டை. மண்ணில் கிடந்து வளர்ந்த தர்பூசணியைக் கழுவாமல் வெட்டினால், கத்தியே தோலில் இருப்பதைச் சதைக்குள் இழுத்துச் செல்கிறது. அதன் பிறகு எந்தப் பழம் என்பதைப் பொறுத்து ஆபத்து மாறும். அன்னாசி, ஆரஞ்சு, மாதுளை எல்லாம் புளிப்பு, கிருமி எளிதில் பெருகாது. தர்பூசணி, பப்பாளி, முலாம்பழம் மூன்றும் கரும்புச் சாறு மாதிரியே பி.எச். 5-க்கு மேல். முலாம்பழம் 6-ஐயும் தாண்டும். தட்டில் அழகாக அடுக்கி வைத்திருக்கும் பழங்களில் நான் தள்ளி நிற்பது இந்த மூன்றிலிருந்துதான்.

நறுக்கிய பழத்தை 5 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். வெளியே வைத்தால் இரண்டு மணி நேரம், வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. ஐஸ் பாளத்தின் மேல் தட்டை வைத்தால் அடித்துண்டுதான் குளிரும், மேல்துண்டு தெருவின் சூட்டில் இருக்கும். அதோடு அந்த ஐஸ் உருகிய நீர் தட்டில் ஏறினால் இன்னொரு வினை. கடை ஃபிரிட்ஜை நிமிடத்துக்கு ஒருமுறை திறந்தால் அதுவும் 5 டிகிரியில் நிற்காது. நான் வாடிக்கையாகப் போன ஒரு கடையில் கரண்ட் பில்லை மிச்சப்படுத்த இரவில் ஃபிரிட்ஜை அணைத்துவிடுவார்கள் என்று அங்கே வேலை பார்த்த பையனே சொன்னான். முந்தின நாள் நறுக்கிய பப்பாளி உள்ளேதான் இருக்கும். காலையில் சில்லென்று எடுத்துக் கொடுப்பார்கள், இரவு நடந்தது நாக்குக்குத் தெரியாது.

2025 கோடையில் தர்பூசணிக்குச் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு தமிழ்நாட்டில் பரவி, வாங்க ஆளில்லாமல் விவசாயிகள் தவித்துப்போனார்கள். ஊசி போட்ட பழத்தைத் தேடுவதற்குச் செலவழித்த கவனத்தில் கொஞ்சத்தை, வெட்டிய பழம் எத்தனை மணிக்கு வெட்டியது என்று கேட்பதற்குச் செலவழித்திருக்கலாம் என்று எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. முழுப் பழத்தைக் காட்டி, 'இதைக் கழுவி வெட்டிப் போடுங்கண்ணே' என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

காமாலைக்குக் கரும்பு ஜூஸ்

இதெல்லாம் உண்மையானால் குடித்தவர்கள் எல்லாரும் படுத்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். வயிற்றுப்போக்கு என்றால் ஓரிரு நாளில் தெரிந்துவிடும், காரணமும் ஞாபகத்துக்கு வரும். டைபாய்டு வெளியே தெரிய ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். ஹெபடைடிஸ் ஏ வைரஸால் வரும் மஞ்சள் காமாலைக்குச் சராசரியாக நான்கு வாரம். மே மாத வெயிலில் குடித்த ஜூஸுக்கு ஜூன் மாதத்தில் கண் மஞ்சளானால், யார் அந்த வண்டியை நினைத்துப் பார்ப்பார்கள்? அதனால்தான் 'இருபது வருஷமா இங்கதான் குடிக்கிறேன்' என்ற சாட்சியத்துக்குப் பெரிய மதிப்பில்லை.

இதில் எனக்கு மனசு கேட்காத ஒன்று உண்டு. காமாலை வந்தவருக்குக் கரும்பு ஜூஸ் நல்லது என்று வண்டிக்கு ஆள் அனுப்பி வாங்கிக் கொடுக்கிறோம். நம்மூரில் இந்தக் காமாலையைப் பரப்புவதே மலம் கலந்த தண்ணீர்தான். ஏற்கெனவே ஈரல் நொந்துபோன ஒருவருக்கு, எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று தெரியாத ஐஸைப் போட்டுக் கொடுப்பது சரியில்லை. சர்க்கரைச் சத்து வேண்டுமென்றால், கொதித்து ஆறிய நீரில் குளுக்கோஸோ வெல்லமோ கரைத்துக் கொடுத்தாலே போதும். கர்ப்பிணிகளும் வண்டி ஐஸைத் தொடாமல் இருப்பது நல்லது. ஹெபடைடிஸ் ஈ என்ற வகை, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

பார்சல் விஷயம் ஒன்று பாக்கி. வீட்டிலிருப்பவர்களுக்கு என்று பாட்டிலில் வாங்கிப் போகும்போது சாறு பழுப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அது காற்றுப் பட்டு, கரும்பிலேயே இருக்கும் ஒரு நொதி செய்யும் வேலை. வெட்டிய ஆப்பிள் கருப்பது மாதிரிதான், கிருமி அல்ல. எலுமிச்சை சேர்த்தால் நிறம் மாறுவது தாமதமாகும், அவ்வளவே. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் கடிகாரத்தைப் பாருங்கள். வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பாட்டிலில் இருந்த சாற்றை நான் வீட்டில் யாருக்கும் கொடுப்பதில்லை. மீந்ததை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் எடுப்பதும் இல்லை. கொல்லையில் இருக்கிற முருங்கை மரத்தடியில் ஊற்றிவிடுகிறோம், அதையும் ஈ மொய்க்காமல் இருக்க மண்ணைத் தள்ளி மூடிவிட்டு.